மறைவில்லாத தரகு: ஒரு மின்னஞ்சலும் அதன் கணக்கும்



நிக்காஹ் விருந்துக்குச் சமையல் பேச வரும் குடும்பத்தார் ஆள்கணக்கையும் விலையையும் பேசி முடித்த பிறகு, பெரும்பாலும் இன்னொன்றையும் கேட்பார்கள்: “மேடை அலங்காரத்திற்கு யாரைச் சொல்வீர்கள்?” பல திருமணங்களைப் பார்த்தவர் என்ற நம்பிக்கையில் கேட்கப்படும் கேள்வி இது. ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்னும் கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஒரு நபிமொழி பதிவாகியுள்ளது. அந்தக் கேள்வி வந்த கணத்திலேயே நம் கையில் ஓர் அமானிதம் வந்துவிடுகிறது.

எங்கள் தொழிலில் இந்த அமானிதத்திற்கு ஒரு விலையும் உண்டு. அலங்காரம் செய்பவர், ஒளிப்படக்காரர், பந்தல் போடுபவர் என யாரை நாம் காட்டினாலும் பில் தொகையில் ஒரு பங்கு நமக்கு வந்து சேரும். அதைக் குடும்பத்தார் அறிய மாட்டார்கள். கொடுப்பவரும் தம் இலாபத்திலிருந்து அதைக் கொடுப்பதில்லை; பத்து விழுக்காடு கொடுக்க வேண்டியிருந்தால், பத்து விழுக்காட்டைக் கூட்டி விலை சொல்வார். கடைசியில், ஆலோசனை கேட்ட குடும்பமே அந்த ஆலோசனைக்குரிய தொகையைத் தனக்குத் தெரியாமல் செலுத்துகிறது.

மேலப்பாளையத்தில் 11 ஆண்டுகளாக விருந்துச் சமையல் நடத்தி வருகிறேன். இந்த வழியில் பணம் வாங்க மனம் ஒப்பவில்லை. ஆனால், நல்ல வேலைக்காரரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து அதற்கு முறையான கூலி பெறுவது தவறா என்ற கேள்வியும் எழுந்தது. பாளையங்கோட்டையில் மேடை அலங்காரம் செய்யும் அண்ணாச்சி ஒருவரின் வேலையை ஏழெட்டு மண்டபங்களில் நேரில் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அதை எழுதுவதற்கு முன் போட்ட கணக்கையும், எழுதிய வாசகங்களையும், பின்பு நடந்ததையும் இங்கே பகிர்கிறேன். தையற்கடையும் துணிக்கடையும், அச்சகமும் ஒளிப்படக் கூடமும் என ஒன்றுக்கொன்று துணையான தொழில்களை நடத்தும் சகோதர சகோதரிகளுக்கு இது பயன்படலாம்.

தரகுக்கு மார்க்கத்தில் உள்ள இடம்

முதலில் எங்கள் மஹல்லாவின் ஆலிம் அவர்களிடம் சென்று கேட்டேன். தரகுக் கூலி அடிப்படையில் ஆகுமானதே என்றார்கள். ஸஹீஹுல் புகாரியில் கூலி பற்றிய பகுதியில் தரகுக் கூலிக்கென்றே ஒரு தலைப்பு இருக்கிறது. இப்னு சீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகியோர் அதில் குற்றம் காணவில்லை என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அங்கே பதிவு செய்துள்ளார்கள். ஒரு காரியத்தை முடித்துத் தருபவருக்கு இன்ன பரிசு என்று அறிவிக்கும் முறையை ஃபிக்ஹு நூல்கள் ‘ஜுஆலா’ என்று அழைக்கின்றன. யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், காணாமற்போன அரசரின் பாத்திரத்தைக் கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் தருவதாக அறிவிக்கப்பட்டது (12:72) இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

அந்தச் சான்றிலேயே ஒரு நிபந்தனையும் அடங்கியிருக்கிறது. பரிசு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் ஜுஆலாவின் பரிசுத் தொகை அறியப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்னும் பேசி முடிக்கப்படாத பில்லில் இத்தனை விழுக்காடு என்றால், ஒப்பந்தம் செய்யும் நாளில் அந்தத் தொகை எவருக்கும் தெரியாது. இக்கால அறிஞர்கள் பலர் விழுக்காட்டு முறையையும் அனுமதிக்கிறார்கள். எனினும் தொகையை நிலையாக வைத்துவிட்டால் அந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் போக வேண்டியதே இல்லை என்று ஆலிம் அவர்கள் சொன்னார்கள்.

அவர்கள் அழுத்திச் சொன்ன இன்னொன்று, மறைத்தல் கூடாது என்பது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரகத் செய்யப்படும். பொய்யுரைத்து மறைத்தால் அந்த பரகத் அழிக்கப்படும் என்னும் கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆக, எங்கள் ஏற்பாட்டில் தொகை நிலையானதாக இருக்க வேண்டும். அது குடும்பத்தாருக்கும் தெரிய வேண்டும். இவ்விரண்டும் அங்கேயே முடிவாகிவிட்டன.

சம விழுக்காடு சமநீதி ஆகாது

இருவர் கூட்டாக இப்படி ஓர் ஏற்பாட்டைப் பேசும்போது முதலில் தோன்றுவது, “இருபக்கமும் ஐந்து விழுக்காடு” என்பதுதான். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் கணக்கில் அது நியாயமாக அமையவில்லை.

400 பேருக்கு மட்டன் பிரியாணி, தால்சா, வெங்காயப் பச்சடி, பிரெட் அல்வா என்று ஓர் ஆளுக்கு ₹500 வீதம் பேசினால் என் பில் ₹2,00,000. இறைச்சி, சீரகச் சம்பா, எண்ணெய், நெய், விறகு, பண்டாரிக்கும் உதவியாளர்களுக்கும் கூலி, வண்டி வாடகை அனைத்தும் போக எனக்கு மிஞ்சுவது ஏறத்தாழ ₹20,000. அதே திருமணத்திற்கு அண்ணாச்சியின் பில் ₹50,000. அவருக்குத் துணிகளும் சட்டங்களும் விளக்குகளும் மீண்டும் மீண்டும் பயன்படுபவை. பூ, ஆள்கூலி, வண்டி, தேய்மானம் ஆகியவை போக அவருக்கும் ₹20,000 அளவுக்கு நிற்கும்.

இருவரின் பில்லும் நான்கு மடங்கு வேறுபடுகிறது. கையில் நிற்பதோ சமம். இதில் ஐந்து விழுக்காடு வைத்தால், அவர் எனக்கு அனுப்பிய குடும்பத்திற்காக நான் ₹10,000 தர வேண்டும். என் உழைப்பின் பயனில் பாதி போய்விடும். நான் அனுப்பிய குடும்பத்திற்காக அவர் தருவது ₹2,500. அவர் இலாபத்தில் எட்டில் ஒரு பங்கு. பாதியை இழப்பவன் அந்த இழப்பை எங்கே ஈடு செய்வான்? இறைச்சியின் அளவைக் குறைப்பான், அல்லது விலையைக் கூட்டுவான். இரண்டும் விருந்து கொடுக்கும் குடும்பத்தையே பாதிக்கும். எனவே பில்லைப் பார்க்காமல், இருவருக்கும் மிஞ்சுவதைப் பார்த்து, ஒரு நிகழ்ச்சிக்கு ₹2,000 என்று வைத்தேன். அது இருவர் இலாபத்திலும் பத்தில் ஒரு பங்கு. விலையைக் கூட்டாமலேயே தாங்கக்கூடிய அளவு.

சிறிய வேலைகளை இந்தக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. 60 பேருக்கான அகீகா விருந்தில் எனக்கு நிற்பதே ₹3,000தான். அதில் ₹2,000 கொடுத்தால் அந்த வேலையை ஏற்பதில் பொருளில்லை. ஆகையால் சமையலில் ₹50,000-க்கும் அலங்காரத்தில் ₹15,000-க்கும் குறைந்த பில்லுக்குத் தொகை எதுவும் இல்லை என்று எல்லை வகுத்தேன். அத்தகைய குடும்பங்களை ஒருவருக்கொருவர் உதவியாகவே அனுப்பிக்கொள்வோம்.

“நான் ஒருவரை அனுப்பினால் நீங்கள் ஒருவரை அனுப்புங்கள்” என்ற எண்ணிக்கை முறையை முற்றிலும் தவிர்த்தேன். எங்கள் பகுதியில் மண்டபம் பிடித்ததும் சமையலைத்தான் பேசுவார்கள். அலங்காரம் பிறகு வரும். எனவே என்னிடம் அலங்காரக்காரரைக் கேட்பவர்கள் அதிகம். அவரிடம் சமையற்காரரைக் கேட்பவர்கள் குறைவு. எண்ணிக்கையைச் சமன் செய்ய வேண்டுமென்றால், ஏற்கெனவே நல்ல பண்டாரியைப் பேசி வைத்திருக்கும் குடும்பத்தையும் அவர் என் பக்கம் திருப்ப முயல்வார். கடன்பட்டவரின் ஆலோசனை கடனை அடைப்பதற்கான ஆலோசனையாகிவிடும். முடிந்த வேலைக்கு மட்டும் தொகை என்று வைத்தால் எவருக்கும் அந்த நெருக்கடி இல்லை.

எழுதிய மின்னஞ்சல்

வாய்ப்பேச்சில் முடித்திருக்கலாம், தினமும் எங்காவது சந்திப்பவர்கள்தாம். ஆனால் தவணை வைத்த கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) நமக்குக் கற்றுத் தருகிறது. எங்கள் தொகை மாத இறுதியில் தீர்க்கப்படப் போகும் தொகை. எழுதினால் அவரும் தம் வீட்டாரோடு அமர்ந்து, அவசரமின்றிப் படித்து, மறுக்க வேண்டியதை மறுக்க முடியும். பெயர்களை நீக்கிவிட்டு அதை அப்படியே தருகிறேன்.

பொருள்: நிக்காஹ் விருந்து, மேடை அலங்காரம் – ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்வது பற்றி

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு நாம் இருவரும் வேலை செய்த திருமணங்களில் தங்கள் ஆட்கள் விருந்து தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மேடையை முடித்து, தரையையும் துப்புரவு செய்து கொடுத்ததைக் கண்டேன். என்னிடம் சமையல் பேச வருபவர்களில் 14 குடும்பத்தார் கடந்த ஓராண்டில் அலங்காரத்திற்கு ஆள் கேட்டார்கள். தங்களிடமும் சிலர் சமையலுக்கு ஆள் கேட்பார்கள் என்று நம்புகிறேன். இதை இருவருக்கும், வரும் குடும்பத்தாருக்கும் நியாயமான முறையில் ஒழுங்கு செய்துகொள்ளலாமா என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் யோசனை இதுதான். நான் அனுப்பும் குடும்பத்தின் வேலையைத் தாங்கள் செய்து முடித்து, முழுப் பணமும் தங்கள் கைக்கு வந்த பின் எனக்கு ₹2,000. தாங்கள் அனுப்பும் குடும்பத்திற்கு நானும் அதே நிலையில் ₹2,000. திருமணம் நின்றுபோனாலோ பணம் வராவிட்டாலோ ஒன்றும் வேண்டாம். சமையலில் ₹50,000-க்கும் அலங்காரத்தில் ₹15,000-க்கும் குறைந்த வேலைக்குத் தொகை கிடையாது.

இந்தத் தொகையை வாடிக்கையாளரின் விலையில் இருவரும் சேர்க்கக் கூடாது. நேராக வருபவருக்கு என்ன விலையோ, அதே விலைதான் நம் வழியாக வருபவருக்கும். இப்படி ஒரு தொகை உண்டு என்பதை அறிமுகம் செய்யும்போதே இருவரும் குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும்.

குடும்பத்தாரின் சம்மதம் கேட்டே அவர்களின் எண்ணைத் தருவோம். எண் தரும் அன்றே குடும்பத் தலைவர் பெயரையும் திருமணத் தேதியையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அவர்கள் ஏற்கெனவே தொடர்பில் இருந்தால், பெறுபவர் இரண்டு நாளில் சொல்லிவிட வேண்டும். அதற்குத் தொகை இல்லை. 90 நாட்களுக்குள் வேலை உறுதியாகாவிட்டால் அந்த அறிமுகம் கணக்கில் வராது.

தாங்கள் என்னை மட்டுமோ, நான் தங்களை மட்டுமோ சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறை ஏதேனும் வந்தால் செய்தவரே பொறுப்பு. ஆனால் அதை மற்றவருக்கு மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்து, வித்தியாசத்தை வங்கி வழியாகத் தீர்த்துக்கொள்வோம். ஆறு மாதம் நடத்திப் பார்ப்போம். இடையில் யாருக்கு வேண்டாமென்றாலும் ஒரு செய்தி போதும். அதுவரை முடிந்த வேலைகளின் தொகை மட்டும் கொடுக்கப்பட வேண்டும்.

தொகையோ எல்லையோ தங்களுக்குப் பொருந்தாவிட்டால் மாற்றிச் சொல்லுங்கள். மறுத்தாலும் வருத்தமில்லை, தங்கள் வேலை நல்ல வேலை என்று கேட்பவர்களிடம் எப்போதும் போலச் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள…

முதற்பத்தியில் புகழ்ச்சி வேண்டாம், கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவோம் என்று எண்ணினேன். நேரத்திற்கு முடித்தது, தரையைத் துப்புரவு செய்தது என்னும் இரண்டும் அவருக்கே தெரிந்த உண்மைகள். 14 என்பதும் என் குறிப்பேட்டில் இருந்த எண். “எவ்வளவோ பேர் கேட்கிறார்கள்” என்று எழுதியிருந்தால், அவர் மனத்தில் நாற்பது, ஐம்பது என்று ஓர் எண் உருவாகி, பிறகு அது ஏமாற்றமாக முடிந்திருக்கும்.

கடைசி வரியும் எண்ணி எழுதியதே. ஏற்பாட்டை மறுத்தால் இனி உன்னைச் சொல்ல மாட்டேன் என்ற குறிப்பு தொனித்துவிட்டால், அவர் தரும் சம்மதம் மனமொப்பிய சம்மதமாக இராது. அத்துடன், நல்ல வேலைக்காரரை நல்லவர் என்று சொல்வது நான் குடும்பத்தாருக்குச் செலுத்த வேண்டிய அமானிதம். அதை ₹2,000-த்தோடு கட்டி வைக்க எனக்கு உரிமை இல்லை.

அண்ணாச்சி கேட்ட இரண்டு கேள்விகள்

மூன்று நாள் கழித்து அவரே கடைக்கு வந்தார். தொகை, எல்லை, மாதக் கணக்கு எல்லாவற்றிற்கும் சம்மதித்துவிட்டு இரண்டு கேள்விகளை வைத்தார்.

“பாய், எல்லாம் சரி. குடும்பத்தாரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் அந்த இரண்டாயிரத்தை எங்களுக்கே குறைத்துவிடுங்கள் என்பார்களே?” என்பது முதற்கேள்வி.

கேட்கத்தான் செய்வார்கள் என்றேன். அப்படிக் கேட்டால், அறிமுகம் செய்தவர் தம் தொகையை விட்டுக்கொடுக்கலாம், அல்லது இல்லை என்று நேராகச் சொல்லலாம், இரண்டும் ஆகும். ஆனால் நாம் சொல்லாமல் விட்டு, அது பின்னால் வேறு வழியில் தெரிந்தால், நாம் சொன்ன நல்ல வார்த்தை அத்தனையும் விலைக்கு விற்ற வார்த்தையாகிவிடும். திருமண வீட்டில் ஒரு செய்தி பரவ ஒரு மாலைப்பொழுது போதும். அவர் சற்று யோசித்துவிட்டு, தம் தொழிலில் இப்படிச் சொல்பவர் யாரையும் தாம் பார்த்ததில்லை, ஆறு மாதம் சொல்லிப் பார்ப்போம் என்றார்.

“நான் உங்களை மட்டும் சொல்கிறேன், நீங்களும் என்னை மட்டும் சொல்லுங்கள். அப்படி வைத்தால் என்ன?” என்பது இரண்டாவது. அதற்கு நான் உடன்பட முடியவில்லை. எளிய மேடையை ₹12,000-க்குள் முடிக்க விரும்பும் குடும்பத்திற்கு அவர் பொருத்தமானவர் அல்லர். அதற்கு மேலப்பாளையத்திலேயே சிறிய அளவில் செய்யும் ஓர் இளைஞர் இருக்கிறார். அண்ணாச்சியை மட்டுமே சொல்வதாக எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்தக் குடும்பத்திற்கு எது நல்லது என்று பார்த்துச் சொல்லும் உரிமையை நான் இழந்துவிடுவேன். இதை விளக்கியதும் அவர் வற்புறுத்தவில்லை.

குடும்பத்தாரிடம் சொல்ல ஒரே வாசகத்தை இருவரும் வைத்துக்கொண்டோம்: “இவருடைய வேலையை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வேலை இவரிடம் முடிந்தால் எனக்கு ₹2,000 தருவார். அதற்காக உங்கள் விலை கூடாது. வேறு இரண்டு பேரிடமும் விலை கேட்டுப் பாருங்கள், அவர்கள் எண்ணையும் தருகிறேன்.” மற்ற இருவரின் எண்ணைத் தருவதால்தான் அந்த வாசகம் உண்மையாகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாதவரிடம் விலை கூடாது என்று சொல்வதால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை.

எட்டு மாதக் கணக்கு

ஆறு மாதம் என்று தொடங்கியது இப்போது எட்டு மாதமாக நடக்கிறது. நான் 9 குடும்பங்களை அனுப்பினேன். அவற்றில் 6 உறுதியாயின. அதில் ஒன்று ₹15,000-க்குக் குறைவான மேடை, ஆகவே தொகை இல்லை. ஒரு குடும்பம் குறைத்துக் கேட்டபோது என் ₹2,000-த்தை அவர்களுக்கே விட்டுவிட்டேன். மீதம் நான்கிற்கு ₹8,000 எனக்கு வர வேண்டியது. அவர் அனுப்பியவை 4, உறுதியானவை 2, நான் தர வேண்டியது ₹4,000. வித்தியாசம் ₹4,000 வங்கி வழியாக வந்தது. இருபக்கத் தொகையும் முழுமையாக இருவர் கணக்குப் புத்தகத்திலும் ஏறியிருக்கின்றன. இதுவும் வருமானமே என்பதால் வரிக் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டரிடமும் காட்டினோம்.

கைக்கு வந்தது சிறு தொகைதான். ஆனால், குறைத்துக் கேட்ட அந்தக் குடும்பத்தின் பெரியவர், “இதுவரை எவரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை” என்று சொல்லிவிட்டு, தம் இளைய மகளின் வலீமா விருந்தையும் என்னிடமே பேசிச் சென்றார். சொல்லிவிட்டால் வேலை போய்விடும் என்ற அச்சம் எங்கள் இருவருக்கும் இருந்தது. சொன்னதால் போன வேலை இதுவரை ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு முறை குறையும் வந்தது. மேடை முடிய நேரமாகி, நிக்காஹ் மஜ்லிஸ் காத்திருக்க நேர்ந்தது. அண்ணாச்சியே அன்றிரவு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அடுத்த நாள் அந்த வீட்டிற்குச் சென்று ₹5,000 குறைத்துக் கொடுத்தார். அந்த வேலைக்கு எனக்குரிய தொகையை நான் பெறத் தகுமா என்று யோசித்தேன். வேலை முடிந்தது, பணம் வந்தது என்பதால் நிபந்தனைப்படி தகும், அவரும் கொடுத்தார். ஆனால் அடுத்து வந்த குடும்பத்திடம் அவரைப் பற்றிச் சொல்லும்போது, ஒரு முறை தாமதமானதையும் சேர்த்தே சொன்னேன். தொகை வாங்கியதற்காகக் குறையை மறைத்தால் அது தரகு என்ற எல்லையைத் தாண்டிவிடும்.

இத்தகைய ஏற்பாடு கெடத் தொடங்கினால் அதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. நம் வழியாக வந்தவருக்குச் சொன்ன விலையையும், அதே அளவு வேலைக்கு நேராகச் சென்றவருக்குச் சொன்ன விலையையும் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் இருவரும் எங்கள் பில் புத்தகங்களை ஒருவருக்கொருவர் திறந்து காட்டுகிறோம். ₹2,000 வேறுபாடு தொடர்ந்து தென்பட்டால், தொகை குடும்பத்தாரின் தலையில் ஏறிவிட்டது என்று பொருள். அன்றே நிறுத்திவிட வேண்டும்.

இது பொருந்தாத இடங்கள்

எங்கள் மின்னஞ்சலைப் படித்த உறவினர் ஒருவர், இதே போல மண்டபத்தின் மேலாளருக்கும் எழுதலாமே என்றார். மேலாளர் சம்பளம் வாங்கும் ஊழியர். வருபவர்களுக்கு வழிகாட்டுவது அவர் வேலையின் ஒரு பகுதி. உரிமையாளருக்குத் தெரியாமல் அவர் கையில் கொடுக்கும் பணம் தரகு ஆகாது. ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், “இது எனக்கு அன்பளிப்பாக வந்தது” என்று ஒரு பகுதியைத் தமக்கென எடுத்து வைத்தபோது, தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட நிகழ்ச்சியைப் புகாரியிலும் முஸ்லிமிலும் காணலாம். பொறுப்பில் இருப்பதால் மட்டும் வரும் பணத்தை அளக்க அந்தக் கேள்வி போதுமானது. மண்டபத்தோடு ஏற்பாடு வேண்டுமென்றால் உரிமையாளருக்கே எழுத வேண்டும். நிக்காஹ் பதிவு செய்யும் ஜமாஅத் அலுவலகத்திலும், வழிகாட்டும் இமாம்களிடமும் இந்தப் பேச்சே கூடாது என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம்.

மருத்துவத் துறையில் நம்மவர் பலர் ஆய்வுக்கூடமும் மருந்துக்கடையும் கண்ணாடிக்கடையும் நடத்துகிறார்கள். அங்கே இந்த மின்னஞ்சலைப் பின்பற்றி மருத்துவருக்கு எழுதிவிடக் கூடாது. நோயாளியை அனுப்புவதற்காக மருத்துவர் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. தொகையை வெளிப்படையாகச் சொன்னாலும் தடை தடையே. மேடையின் விலையைக் குடும்பத்தார் நான்கு இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்; தமக்கு எந்தப் பரிசோதனை தேவை என்பதை நோயாளியால் அப்படி ஒப்பிட்டுப் பார்க்க இயலாது.

இப்படி ஒரு கடிதம் எழுத விரும்புபவர்கள் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தையற்கூலியில் நிற்பது வேறு, துணி விற்பனையில் நிற்பது வேறு. முதலில் தம் கணக்குப் புத்தகத்தில் ஒரு வேலைக்கு உண்மையில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். மறுபக்கத்தாரிடமும் அதைக் கேளுங்கள். விலையைத் தொடாமல் இருவரும் தாங்கக்கூடிய ஒரு தொகையை எழுதுங்கள். பிறகு அந்தக் கடிதத்தை, அதில் பேசப்படும் வாடிக்கையாளர் ஒருவர் அருகில் அமர்ந்து படிப்பதாக எண்ணிக்கொண்டு வாசியுங்கள். எந்த வரியில் குரல் தாழ்கிறதோ, அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.

நம் கொடுக்கல் வாங்கலில் மறைவின்மையையும், நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் பரகத்தையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக, ஆமீன். அல்லாஹ்வே மிக்க அறிந்தவன்.